கோடிங் வராதவர்கள் போகும் இடமாம் டெஸ்டிங்!

போன வருடம் ஒரு சாமத்தியவீட்டில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு அன்ரி கேட்டார். "என்ன வேலை செய்யிறீர் பிள்ளை?"

"சொஃப்ட்வெயர் டெஸ்டிங் செய்யிறன் அன்ரி."

"ஓ…" என்று இழுத்தார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, ஏதோ துக்கம் விசாரிப்பதுபோல, "கோடிங் சரிவரேல்லையோ?"

அன்ரியில் எனக்குக் கோபம் இல்லை. அவர் யாரோ சொல்லக் கேட்டதைச் சொல்கிறார். என் கோபம் பொறியியல் படித்துக்கொண்டே அதே கேள்வியைக் கேட்கிற உங்கள்மேல்தான். சில வாரங்களுக்கு முன் ஒரு பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் சங்கத்தில், பொறியியல் படிப்பவர்களுக்கு டெஸ்டிங் வேலையைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அறிமுகம் செய்த தம்பியே, "டெவலப்பர் வேலை கிடைக்காட்டிலும் கவலைப்படாதீங்கோ, வேற வழிகளும் இருக்கு என்று அக்கா சொல்லுவா" என்றான். அங்கே பேசியதையும், மரியாதைக்காக அங்கே விழுங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தம்பி, இது வேறு வழி இல்லாதவர்களின் வழி இல்லை. ஏன் என்று ஒரு பொத்தானை வைத்தே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் வளர்ந்த நீங்கள் எல்லோரும் ஏதோ ஒரு மாமாவின் கடையில் பள்ளி விடுமுறைக்கு நின்றிருப்பீர்கள். அப்படிப்பட்ட பல கடைகளின் ஒரு மூலையில், கண்ணாடிக்குப் பின்னால், போஸ்ட் ஒஃபிஸ் கவுண்டர் ஒன்று இருக்கும். அதை நடத்துபவர் உப தபாலதிபர். அவர் கணக்கு எழுதுவது ஹொரைசன் என்ற கணினி அமைப்பில். 1999 இலிருந்து நாடு முழுக்கப் போடப்பட்ட அமைப்பு அது. செய்து கொடுத்தது ஐ.சி.எல் நிறுவனம், அது பின்னர் ஃபுஜிட்சு என்ற பெயருக்கு மாறியது. அந்த அமைப்பு கணக்கில் காசு குறைகிறது என்று காட்டினால், அந்தக் குறையை உப தபாலதிபர் தன் கையிலிருந்து போடவேண்டியிருந்தது. போட முடியாதவர்கள்மேல் வழக்கு வந்தது. 1999 இலிருந்து 2015 வரை 900 பேருக்கு மேல் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டார்கள். எங்களைப்போலத் தென்னாசியாவிலிருந்து வந்து கடை போட்டவர்கள் அதில் கனபேர். 2024 தை மாதம் தொலைக்காட்சியில் இந்தக் கதை நாடகமாக வந்தபோது உங்கள் வீட்டிலும் பார்த்து அம்மா அழுதிருப்பா.

எல்லோரும் அழுதோம். ஆனால் காசு எப்படிக் குறைந்தது என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? நீதிமன்றத்தில் பேசப்பட்ட பிழைகள் பல. அதில் ஒன்றை மட்டும் எடுக்கிறேன். அந்த இடத்தில் பிழை கண்டுபிடிக்கப்பட்டுக் கணக்குத் திருத்தப்பட்டது, அதனால் இது சிறைக்கதை இல்லை. பிழையின் உருவம் கண்ணாடிபோலத் தெரிகிறது என்பதற்காகத்தான் இதை எடுத்தேன்.

ஸ்கொட்லாந்தில் டல்மெலிங்டன் என்று ஒரு சிற்றூர். 2015 ஒக்டோபர். ஒரு பெரிய கிளையை நடத்துபவர், பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சில மணிநேரம் சேவை செய்யும் சிறு கிளையையும் பார்த்துக்கொள்வார். பெரிய கிளையிலிருந்து சிறு கிளைக்கு 8,000 பவுண் காசு ஒரு பையில் போகிறது. பையில் ஒரு பார்கோட் இருக்கிறது. சிறு கிளையில் அதை ஸ்கான் செய்து எண்டரை அழுத்தினால், "8,000 பவுண் வந்துசேர்ந்தது" என்று பதிவாக வேண்டும்.

அழுத்தினார். திரை அசையவில்லை. அதே திரை, அதே எண்டர் பொத்தான். மறுபடி அழுத்தினார். அப்படியே நின்றது. மொத்தம் நான்கு தரம் பதிவானது. நான்கு தரம் எட்டாயிரம், முப்பத்திரண்டாயிரம். பெட்டியில் இருந்தது எட்டாயிரம். ஆக, 24,000 பவுண் குறைகிறது என்று கணக்குக் காட்டியது. ஒரு சதமும் தொலையவில்லை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இதை எழுதிய டெவலப்பர் முட்டாள் இல்லை. அவர் மனதில் இருந்தது ஒரு நேரான பாதை: ஸ்கான் செய், அழுத்து, பதிவாகும், அடுத்த திரை வரும். அந்தப் பாதையில் நூறு தடவை போனாலும் எல்லாம் சரி. டெஸ்டர் என்பவர் அந்தப் பாதையில் போகிறவர் இல்லை. அவர் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மனிதராக மாறுகிறார். முன்னால் வரிசையில் எட்டுப் பேர், ஒருவர் பென்சன் காசுக்கு அவசரப்படுத்துகிறார், திரை அசையவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? மறுபடி அழுத்துவீர்கள். நானும் அழுத்துவேன். லிஃப்ட் பொத்தானையே மூன்று தரம் அழுத்துகிற இனம் நாங்கள்.

அந்த மனிதரின் பொறுமையின்மையை எடுத்து ஒரு சோதனையாக எழுதுவதுதான் என் வேலை. நான் எழுதியிருந்தால் இப்படி இருக்கும். இது ஹொரைசனின் கோட் இல்லை, நானாகச் செய்த சிறு மாதிரி:

```python
def test_same_pouch_four_times():
    branch = Branch(cash=0)
    for _ in range(4):
        branch.receive(pouch="P1", amount=8000)
    assert branch.cash == 8000
```

வரும் காசைக் கூட்டிக்கொண்டே போகும் அப்பாவிக் கோட்டில் இதை ஓடவிட்டால் முடிவு இப்படி வரும்:

```
E   assert 32000 == 8000
```

அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. திருத்துவதும் கடினமில்லை: ஒவ்வொரு பைக்கும் ஓர் இலக்கம் உண்டு, இந்த இலக்கத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டோமா என்று பார்த்துவிட்டுக் கூட்டவேண்டும். ஒரு செயலை எத்தனை தரம் செய்தாலும் ஒரே தரம் செய்த பலன்தான் வரவேண்டும் என்ற இந்தக் குணம் காசு கையாளும் எந்த அமைப்புக்கும் அடிப்படை. அதை நீங்கள் இரண்டாம் வருடப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் படித்ததை எந்தத் திரையில், எந்தப் பொத்தானில் போய்க் கேட்கவேண்டும் என்று தெரிவதுதான் தொழில்.

சோதனை அதோடு நிற்பதும் இல்லை. ஒரே பையை இரண்டு கிளைகள் ஏற்றுக்கொண்டால்? அழுத்திய கணத்தில் இணைப்பு அறுந்து, பிறகு வந்தால்? பாதியில் எழும்பிப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வரும்போது அமைப்பு தானாக வெளியேற்றியிருந்தால், திரும்ப உள்ளே போகும்போது பழைய திரை வருமா, புதிய திரை வருமா? இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரிய கேள்வி: பெரிய கிளையிலிருந்து 8,000 வெளியே போயிருக்கிறது, சிறு கிளைக்கு 32,000 உள்ளே வந்திருக்கிறது, போனதும் வந்ததும் சமமில்லை என்று அன்று இரவே கத்துகிற ஒரு சோதனை ஏன் இல்லை? தனித்தனித் திரைகளைப் பார்த்தால் இது தெரியாது. இரண்டு கிளைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

இதே பை இலக்கம் திரும்பப் பதிவான சம்பவங்கள் வேறும் உண்டா என்று ஃபுஜிட்சு பிறகு தேடிப் பார்த்தது. ஐந்து வருடங்களில் 112 தடவை. பெரும்பாலானவை கணக்கில் திருத்தப்பட்டிருந்தன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் கணக்கைத் திருத்தத் திருத்த, அமைப்பில் இருந்த பிழை ஐந்து வருடம் அப்படியே இருந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ கறையைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூரை ஏன் ஒழுகுகிறது என்று ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை.

கோடிங் வராதவர்கள் செய்யும் வேலையா இது? கோட் வாசிக்கத் தெரியவேண்டும், எழுதவும் தெரியவேண்டும்; கணக்கியல் கொஞ்சம், மனித இயல்பு நிறைய.

இப்போது இரண்டாவது விஷயம். சங்கத்தில் இதைச் சொன்னபோதுதான் தொலைபேசிகள் கீழே போயின.

கணினி ஒன்று காட்டும் கணக்கை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க வேண்டுமென்றால், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று வைப்பவர் காட்டவேண்டும் என்று இங்கிலாந்தில் ஒரு சட்டப்பிரிவு இருந்தது. 1984 ஆம் ஆண்டுச் சட்டம், 69 ஆம் பிரிவு. 1999 இல் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது. அதற்குப் பிறகு நிலைமை தலைகீழ். கணினி சரியாகத்தான் இயங்கியது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால், இல்லை என்பதற்கான அறிகுறியை நீங்கள் கொண்டுவரவேண்டும். நாடு முழுக்க ஹொரைசன் போடப்பட்ட அதே காலம்.

இப்போது ஒரு சிறு கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். கணினி தவறு என்று அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? கோட் அவரிடம் இல்லை. பதிவுகள் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது, "நான் எடுக்கேல்லை" என்ற ஒரு வசனம்தான்.

பதிவுகள் இருந்தன. ஃபுஜிட்சுவிடம் "தெரிந்த பிழைகளின் பதிவேடு" ஒன்று இருந்தது. என்ன பிழை, எப்போது வரும், வந்தால் உதவி மேசையில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்று அதற்குள் உள்ளவர்களே எழுதிவைத்தது. உப தபாலதிபர்கள் கூட்டாக வழக்குப் போட்டபோது அந்தப் பதிவுகள் அவர்கள் கைக்கு இலகுவில் வரவில்லை. வந்த பிறகுதான் வழக்கு திரும்பியது. 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தன் தீர்ப்பில், கிளைக் கணக்குகளைப் பாதிக்கும் பிழைகள் ஹொரைசனில் இருந்தன என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். டல்மெலிங்டனும் அதில் ஒன்று.

இதை நான் என் தொழிலின் வெற்றியாகச் சொல்லவில்லை. இருபது வருடம் கழித்துத் திறக்கப்பட்ட ஒரு பதிவேடு வெற்றியாக முடியாது. ஆனால் ஒன்றைப் பாருங்கள். கடைசியில் கடைக்காரரின் வாய்மொழிக்குப் பலம் கொடுத்தது, யாரோ ஒரு பொறியியலாளர் ஒரு சாதாரண வேலைநாளில் உட்கார்ந்து எழுதிய ஒரு குறிப்பு. அதனால்தான் பிழை எழுதுவதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். "கணக்குப் பிழையாக வருகிறது, பார்க்கவும்" என்று எழுதினால் அது முறைப்பாடு. "கிளையின் இருப்பு 0. 8,000 பவுண் பையை ஸ்கான் செய்து எண்டர். திரை மாறவில்லை. மறுபடி எண்டர். எதிர்பார்த்த இருப்பு 8,000, காட்டிய இருப்பு 16,000. பத்துத் தடவை செய்து பார்த்தேன், பத்திலும் வந்தது" என்று எழுதினால் அது சாட்சி. பத்து வருடம் கழித்து, நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகும், முன்பின் தெரியாத ஒருவர் அதை வாசித்து அதே பிழையைத் திரும்ப வரவைக்கலாம்.

இனி வலிக்கிற பக்கம். இதை மறைத்துவிட்டு உங்களை உள்ளே கூப்பிட்டால் நானும் ஒரு தரகர்தான்.

என் முதல் வேலையில், பெயர் சொல்லாத ஒரு நிறுவனத்தில், அடையாளம் சரிபார்க்கும் ஒரு படிவத்தை டெஸ்ட் செய்தேன். எனக்கு முன்னால் செய்தவர்கள் எல்லோரும் ஜோன் ஸ்மித் என்றே போட்டிருந்தார்கள். நான் எங்கள் அப்பாவின் பெயரைப் போட்டேன். எங்கள் முழுப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் முப்பதைத் தாண்டும், உங்களுக்குத் தெரியும். படிவம் முழுப்பெயரையும் வாங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த பழைய அமைப்பு 24 எழுத்தோடு வெட்டியது, ஒரு சத்தமும் போடாமல். பிறகு வெட்டிய பெயரைக் கடவுச்சீட்டுப் பெயரோடு ஒப்பிட்டு, "இவர் அவர் இல்லை" என்றது. அப்பா அப்பா இல்லையாம்!

படியெல்லாம் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் மூடிவிட்டார்கள். காரணம்: "பாதிக்கப்படுவோர் மிகச் சிலர்." திரும்பத் திறந்தேன். திரும்ப மூடினார்கள். குழுக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டபோது, ரிலீசைத் தாமதப்படுத்துகிறவள் என்ற பெயர் வந்தது. நான்கு மாதம் கழித்து, பெயர் நீளமான வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகள் குவிந்த பிறகு திருத்தினார்கள். ஒருவரும் என்னிடம் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அந்த நான்கு மாதம் நான் தினமும் வேலையை விடலாமா என்று யோசித்தேன். இந்தத் தொழிலின் மிகக் கடினமான பகுதி இதுதான்: பிழையைக் கண்டுபிடிப்பது உங்கள் கையில், திருத்துவது உங்கள் கையில் இல்லை. இதைத் தாங்கமாட்டீர்கள் என்றால் வராதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். எல்லாம் பிந்தினாலும் ரிலீஸ் தேதி மட்டும் பிந்தாது. வெட்டுப்படுவது டெஸ்டிங்குக்கு வைத்த நாட்கள். ஒரே சோதனை காலையில் தோற்று மாலையில் வெல்லும். கோட்டில் பிழையா சோதனையிலேயே பிழையா என்று தேடி ஒரு முழு நாள் போகும். பல இடங்களில் டெவலப்பருக்குக் கொடுப்பதைவிடச் சம்பளம் குறைவு. உங்கள் வேலை நன்றாக நடந்தால் ஒன்றும் நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் கைதட்டுவதும் இல்லை.

கேள்வி நேரத்தில் ஒரு தங்கை எழும்பி நேரடியாகவே கேட்டாள். "தனி டெஸ்டர் வேலையே இல்லாமல் போகுது என்று சொல்லீனம். பிறகு ஏன் அக்கா நாங்கள் இதுக்கு வரவேணும்?" நல்ல கேள்வி, மழுப்பக்கூடாத கேள்வி. மைக்ரோசொஃப்ட் 2014 இல் தனி டெஸ்டர் பதவிகளில் பலவற்றை டெவலப்பர் வேலையோடு இணைத்தது. இன்றைக்குப் பல குழுக்களில் டெவலப்பர்கள் தங்கள் சோதனைகளைத் தாங்களே எழுதுகிறார்கள், எழுதவும் வேண்டும். ஒரு தாளில் இருக்கும் படிகளைப் பார்த்துப் பார்த்துக் கிளிக் செய்வதுதான் டெஸ்டிங் என்று நினைத்து வந்தால், அந்த வேலை சுருங்கிக்கொண்டுதான் போகிறது. அதைக் காப்பாற்ற நான் கொடி பிடிக்கப் போவதில்லை.

ஆனால் டல்மெலிங்டன் திரைக்குத் திரும்பிப் போங்கள். அதை எழுதியவரே சோதனையும் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? ஸ்கான் செய், ஒரு தரம் அழுத்து, 8,000 வந்ததா என்று பார். பச்சை விளக்கு. அவர் மனதில் இல்லாத இரண்டாவது அழுத்தல் அவருடைய சோதனையிலும் இருந்திருக்காது. பதவியின் பெயர் என்னவாக மாறினாலும், இரண்டாவது தரம் அழுத்திப் பார்க்கிற ஒரு ஆள் அந்த அறையில் தேவை. உங்கள் பெயர் பெட்டிக்குள் அடங்காத பெயராக இருந்தால், வீட்டில் ஒரு மொழியும் வெளியே ஒரு மொழியும் பேசி, அரசாங்கக் கடிதங்களை எட்டு வயதிலிருந்தே அம்மம்மாவுக்கு வாசித்துச் சொல்லி வளர்ந்திருந்தால், எந்தப் படிவம் எங்கே மனிதரைக் கைவிடும் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஜோன் ஸ்மித்துக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

கடைசியாக, என்னை அறிமுகம் செய்த அந்தத் தம்பியே கை தூக்கினான். "நேர்முகத்தில் அவை எங்களைக் கேக்கிறது இருக்கட்டும். நாங்கள் அவையிட்ட என்ன கேக்கிறது?"

இரண்டு கேள்வி கேளுங்கள் என்றேன். ரிலீசுக்கு முதல் நாள் டெஸ்டர் ஒரு பெரிய பிழையைக் கண்டால், போவதா நிற்பதா என்று முடிவெடுப்பது யார்? கடைசியாக அப்படி நடந்தது எப்போது, அன்றைக்கு என்ன செய்தீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒரு கதையோடு பதில் வந்தால், அது தோற்றுப்போன கதையாக இருந்தாலும், அந்த இடத்தை யோசிக்கலாம். "எங்களிடம் அப்படியெல்லாம் நடப்பதில்லை" என்று சிரித்தார்கள் என்றால், நன்றி சொல்லிக் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.